பீட்டா பாதிக்கும் கீழே வருகிறது, ஏன்?

> "60 மாத ரிட்டர்ன் வைத்து SLOPE போட்டேன். பீட்டா 0.4 வருகிறது, தளங்களில் 1.25 என்கிறார்கள். RSQ 0.5."

வரிசை மாறியிருக்கிறது. SLOPE-இல் முதலில் பங்கின் ரிட்டர்ன், அப்புறம்தான் சந்தை:

```
=SLOPE(பங்கு, சந்தை)
```

இரண்டு வரிசையிலும் வரும் சாய்வுகளைப் பெருக்கினால் RSQ கிடைக்கும். 0.4 × 1.25 = 0.5, உங்களுடையது அப்படியே பொருந்துகிறது.

இது சின்னப் பிழை இல்லை. ரிஸ்க் இல்லாத வட்டி 6%, சந்தையிடம் எதிர்பார்ப்பது 12% என்று வைத்தால், 0.4-க்கு எதிர்பார்க்கும் ரிட்டர்ன் 8.4%, 1.25-க்கு 6 + 1.25 × (12 − 6) = 13.5%.

ஆனால் அந்த 1.25-ஐயும் அப்படியே நம்பிவிடாதீர்கள். 60 மாதத் தரவில் அதன் திட்டப்பிழை சுமார் 0.16. அதைப் போல் இரண்டு மடங்கை இரு பக்கமும் விட்டால், உண்மையான பீட்டா ஏறக்குறைய 0.9 முதல் 1.6 வரை எங்கும் இருக்கலாம். நானாக இருந்தால் ரிட்டர்னை 11.5 முதல் 15.5% என்று வீச்சாகத்தான் எழுதுவேன்.