காரைக்குடியில் வாங்கிய ஈதருக்கும் இங்கே கணக்கு உண்டு

"அண்ணே, வணக்கம். எனக்குக் காரைக்குடி. அடுத்த மாதம் வேலைக்கு இங்கிலாந்து வருகிறேன். ஊரில் ஆப் மூலமாகக் கொஞ்சம் ஈதர் கிரிப்டோவும் பங்குகளும் வாங்கி வைத்திருக்கிறேன். அங்கே வந்தபிறகு வரிக்காக ஒவ்வொரு பரிவர்த்தனையையும் எழுதி வைக்க வேண்டுமா? ஆப்பில்தான் ஹிஸ்டரி இருக்கிறதே. பேங்குக்குப் பணமாக எடுத்தால்தானே வரி?"

தம்பி, கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் நம் பிள்ளைகள் அதிகம் சிக்கிக்கொள்வது அதில்தான். பிரிட்டனில் பேங்குக்கு எடுத்தால்தான் வரி என்று ஒன்றும் கிடையாது. ஈதரைக் கொடுத்துச் சொலானா என்ற இன்னொரு கிரிப்டோவை வாங்கினால், அந்த நிமிடமே ஈதரை விற்றுவிட்டதாக வரித்துறை எடுத்துக்கொள்ளும். ஒரு பவுண்டுகூடக் கைக்கு வந்திருக்காது. ஆனாலும் அன்றைய பவுண்டு மதிப்பில் ஈதருக்கு லாபமா நட்டமா என்று கணக்குப் பார்த்தாக வேண்டும். பொருள் வாங்கும்போது கிரிப்டோவாகக் கொடுத்தாலும் இதே கதைதான்.

எழுதி வைக்க வேண்டியதன் காரணம் இதைவிட ஆழமானது. இங்கே ஒவ்வொரு ஈதரையும் தனித்தனியாக, இது அந்த விலைக்கு வாங்கியது என்று பார்ப்பதில்லை. உங்களிடம் உள்ள ஈதர் எல்லாமே ஒரே கூட்டு இருப்பு. எந்த நாட்டில், எந்த ஆப்பில் வாங்கியிருந்தாலும் அடக்க விலை அதில் சேரும். விற்கும்போது சராசரி விலையில் கழியும். ஒரே நிறுவனத்தின் பங்குகளுக்கும் இதுதான் முறை. நம்ம பக்கத்துப் பெரியவர்களின் பேரேடு மாதிரிதான்: முன்பக்கத்து இருப்பு தவறென்றால், அடுத்து வரும் பக்கம் எல்லாமே தவறு. 2021இல் விட்டுப்போன ஒரு பதிவு, 2028இல் கட்டும் வரியை மாற்றிவிடும்.

கண்டனூர்க்காரப் பையன் ஒருவன் இங்கே லெஸ்டரில் இருக்கிறான். அவன் கணக்கை உட்கார்ந்து போட்டுக் கொடுத்தேன். அதையே எண்களை மட்டும் முழு எண்களாக்கிச் சொல்கிறேன்.

2021இல் ஊரில் இருக்கும்போது 2 ஈதர் வாங்கினான், 3 லட்சம் ரூபாய்க்கு. எளிமைக்காக ஒரு பவுண்டு 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் அடக்கம் 3,000 பவுண்டு. இங்கே வந்து 2024 நவம்பரில் இன்னொரு ஈதரை 2,700 பவுண்டுக்கு வாங்கினான். ஆகக் கூட்டு இருப்பு 3 ஈதர், 5,700 பவுண்டு. சராசரி 1,900.

2025 ஜூன் 10இல் ஒரு ஈதரைக் கொடுத்துச் சொலானா வாங்கினான். அன்று ஈதர் 2,000 பவுண்டு. சராசரியைக் கழித்தால் லாபம் 100 என்றுதான் யாரும் சொல்வோம். ஆனால் அதே ஜூன் 28இல் விலை இறங்கியது என்று ஒரு ஈதரை 1,800 பவுண்டுக்குத் திரும்ப வாங்கியிருந்தான். இங்கே ஒரு விதி இருக்கிறது: விற்ற 30 நாளுக்குள் அதையே திரும்ப வாங்கினால், விற்றதை அந்தப் புது வாங்கலோடுதான் பொருத்த வேண்டும், சராசரியோடு அல்ல. அதற்கும் முன்னால், விற்ற அதே நாளில் வாங்கியது இருந்தால் அதோடு பொருத்த வேண்டும். இரண்டும் இல்லாவிட்டால்தான் கூட்டு இருப்புக்குப் போக வேண்டும். ஆகவே லாபம் 2,000 கழித்தல் 1,800, அதாவது 200. ஜூன் 28 வாங்கல் அதிலேயே தீர்ந்துவிட்டதால், கூட்டு இருப்பு பழையபடி 3 ஈதர், 5,700 பவுண்டாகவே நிற்கிறது. தேதி இல்லாமல் மொத்தத் தொகையை மட்டும் வைத்திருந்தால் இதைக் கண்டுபிடிக்கவே முடியாது.

ஆகஸ்டில் 2 ஈதரை ஒன்று 3,200 வீதம் விற்றான், 6,400 பவுண்டு. அடக்கம் இரண்டு 1,900, அதாவது 3,800. லாபம் 2,600. முன்னதையும் சேர்த்தால் 2025-26 வரியாண்டுக்கு 2,800. ஒருவருக்கு ஆண்டுக்கு 3,000 பவுண்டு வரை மூலதன லாபத்துக்கு வரி இல்லை. ஆக அவன் கட்ட வேண்டியது ஒன்றுமில்லை.

இப்போது ஊரில் வாங்கிய 2 ஈதருக்கு ஆதாரம் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். கையில் 3 ஈதர், ஆனால் காட்டக்கூடிய அடக்கம் 2,700 மட்டும். சராசரி 900 ஆகிவிடும். ஆகஸ்ட் விற்பனையின் லாபம் 4,600 என்று வரும், மொத்தம் 4,800. விலக்குப் போக 1,800 பவுண்டுக்கு வரி. வருமானம் அடிப்படை வரி விகிதத்துக்குள் இருந்தால் 18 சதவீதம், 324 பவுண்டு. சம்பளம் அதற்கு மேல் போகிறவராக இருந்தால் 24 சதவீதம், 432 பவுண்டு. வராத லாபத்துக்குக் கட்டும் பணம் அது.

அவனுக்கு உண்மையிலேயே அந்த நிலைமை வந்தது. ஊரில் ஈதர் வாங்கிய எக்ஸ்சேஞ்ச் ஆப்பில் நுழைய ஓடிபி வேண்டும். அது போகும் சிம் கண்டனூர் வீட்டு மேசை டிராயரில் ரீசார்ஜ் இல்லாமல் கிடந்து, எண்ணே கைவிட்டுப் போயிருந்தது. கடைசியில் அவன் அப்பா பேங்க் கிளைக்குப் போய் 2021 ஸ்டேட்மென்ட் வாங்கி அனுப்பினார். அதில் 3 லட்சம் எக்ஸ்சேஞ்சுக்குப் போனது தெரிந்தது, எத்தனை ஈதர் வந்தது என்பது தெரியவில்லை. நல்லவேளை, வாங்கிய அன்று வந்த இமெயிலை அவன் அழிக்கவில்லை. இரண்டையும் சேர்த்தபிறகுதான் கணக்கு நின்றது. ஆப்பில் ஹிஸ்டரி இருக்கிறதே என்று கேட்டீர்களே, அது ஆப்பும் உங்கள் எண்ணும் உயிரோடு இருக்கும்வரைதான்.

இன்னொன்று. நீங்கள் விமானம் இறங்கிய நாளின் விலையை அடக்கமாக எடுக்க முடியாது. சில நாடுகளில் அப்படி உண்டு, பிரிட்டனில் இல்லை. வாங்கிய நாளின் ரூபாய்த் தொகை, அன்றைய மாற்று விகிதத்தில் பவுண்டாக. நீங்கள் நெடுநாள் முன்பு மலிவாக வாங்கியிருந்தால், ஊரில் இருக்கும்போதே ஏறிய லாபத்துக்கும் இங்கே கணக்குச் சொல்ல வேண்டியிருக்கும்.

புதிதாக வருபவர்களுக்கு முதல் 4 ஆண்டு வெளிநாட்டு லாபத்துக்கு வரி இல்லை என்று யாராவது சொல்வார்கள். 2025 ஏப்ரல் முதல் அப்படி ஒரு சலுகை இருப்பது உண்மை, இங்கே குடியேறுவதற்கு முந்தைய 10 வரியாண்டுகளும் பிரிட்டன் குடியிருப்பாளராக இல்லாதவர்களுக்கு. உங்கள் இந்தியப் பங்குகளுக்கு அது உதவலாம். ஆனால் தானாகக் கிடைக்காது. எவ்வளவு லாபம் என்று தொகையோடு எழுதிக் கேட்க வேண்டும், கேட்ட ஆண்டில் அந்த 3,000 விலக்கும் வருமான வரியின் தனிநபர் விலக்கும் போய்விடும். ஈதருக்கோ அது உதவாது. ஈதர் போன்ற கிரிப்டோ டோக்கன் அதன் உரிமையாளர் வசிக்கும் நாட்டில் இருப்பதாகத்தான் வரித்துறை கருதுகிறது. நீங்கள் இங்கே குடியேறிவிட்டால், காரைக்குடியில் வாங்கிய ஈதரும் பிரிட்டன் சொத்துதான்.

பங்குகளில் மாற்று விகிதம் செய்யும் வேலையையும் தெரிந்துகொள்ளுங்கள். பவுண்டு 1.10 டாலராக இருந்தபோது 1,100 டாலருக்கு ஒரு அமெரிக்கப் பங்கு வாங்கினால் அடக்கம் 1,000 பவுண்டு. பவுண்டு 1.35 டாலராக இருக்கும்போது அதை 1,215 டாலருக்கு விற்றால் கையில் வருவது 900 பவுண்டு. ஆப் 115 டாலர் லாபம் என்று பச்சையில் காட்டும். வரிக் கணக்கில் அது 100 பவுண்டு நட்டம். அந்த நட்டத்தை நட்டம் வந்த வரியாண்டு முடிந்து 4 ஆண்டுக்குள் முறையாகத் தெரிவித்தால் பின்னால் வரும் லாபத்தில் கழிக்கலாம், தெரிவிக்காவிட்டால் போனது போனதுதான். இங்கே வந்து ஐசா என்ற வரியில்லாக் கணக்கில் வாங்கும் பங்குகளுக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. முடிந்தவரை பங்குகளை அதில் வாங்குங்கள் என்பேன்.

சரி, எதை எழுதுவது? எந்த டோக்கன் அல்லது பங்கு, தேதி, எண்ணிக்கை, அன்றைய பவுண்டு மதிப்பு, கட்டணம், அந்தப் பரிவர்த்தனைக்குப் பிறகு கூட்டு இருப்பில் மீதி எத்தனை, அதன் அடக்கம் எவ்வளவு. இவ்வளவு போதும். உங்கள் வாலட்டிலிருந்து உங்களுடைய இன்னொரு வாலட்டுக்கு மாற்றுவது விற்பனை அல்ல, ஆனால் அதையும் எழுதுங்கள். இல்லையென்றால் எந்தக் கணக்கு மென்பொருளில் போட்டாலும், ஓரிடத்தில் ஈதர் காணாமல் போனதாகவும் இன்னோரிடத்தில் அடக்கமே இல்லாமல் முளைத்ததாகவும் காட்டும். கிரிப்டோவைப் பூட்டி வைத்து வெகுமதி பெறும் ஸ்டேக்கிங்கில் வந்தது வந்த நாளிலேயே வருமானம். அந்த மதிப்பே அதன் அடக்கமாகிவிடும். மாதம் ஒருமுறை தாளில் உள்ள மீதியும் வாலட்டில் உள்ள மீதியும் ஒன்றுதானா என்று பாருங்கள். ஒத்துப்போகவில்லை என்றால் அந்த மாதத்துக்குள்தான் தவறு இருக்கிறது, தேடுவது எளிது.

சின்னத் தொகை, யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைக்க வேண்டாம். 2026 ஜனவரி முதல் இங்குள்ள கிரிப்டோ எக்ஸ்சேஞ்சுகள் வாடிக்கையாளர்களின் பரிவர்த்தனை விவரங்களைத் திரட்டுகின்றன. 2027 மே 31க்குள் முதல் அறிக்கை வரித்துறைக்குப் போக வேண்டும். நீங்கள் விற்றது அவர்களுக்குத் தெரிந்துவிடும். ஊரில் என்ன விலைக்கு வாங்கினீர்கள் என்பது இங்குள்ள எக்ஸ்சேஞ்சுக்குத் தெரியாது, அதைக் காட்ட வேண்டியவர் நீங்கள்தான்.

ஆகவே கிளம்பும் முன் காரைக்குடியிலேயே இதைச் செய்துவிடுங்கள். எக்ஸ்சேஞ்சில் கணக்குத் தொடங்கிய நாளிலிருந்து இன்றுவரையுள்ள முழு வர்த்தக அறிக்கையை சிஎஸ்வி கோப்பாக இறக்குங்கள். ஸ்கிரீன்ஷாட் போதாது, அதில் நேரமும் கட்டணமும் விடுபட்டுப்போகும். பங்குகளுக்கு டீமேட் அறிக்கை வாங்கிய விலையைக் காட்டாது, அதற்குப் புரோக்கரின் கான்ட்ராக்ட் நோட்டுகள் வேண்டும். பணம் போன மாதங்களின் பேங்க் ஸ்டேட்மென்டையும் எடுத்து, எல்லாவற்றையும் இரண்டு இடத்தில் வையுங்கள். அப்புறம் அந்த சிம்மை ரோமிங்கில் போட்டு எடுத்து வாருங்கள். வீட்டில் விட்டு வருவதானால், விடாமல் ரீசார்ஜ் செய்யும் பொறுப்பைத் தங்கச்சியிடமோ அம்மாவிடமோ சொல்லிவிட்டு வாருங்கள்.