முதல் வகுப்பில் டேஷ்போர்டு விளக்குகளை எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

"டிரைவிங் ஸ்கூலில் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். சாவி போட்டதும் எரியும் விளக்குகளை முதல் வகுப்பில் எந்த வரிசையில் கற்றுத்தரலாம்?"

இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமலே பாதி வகுப்பை நடத்துங்கள். கியர் நியூட்ரல், ஹேண்ட்பிரேக் போட்டிருக்க வேண்டும். சாவியை ON வரை மட்டும் திருப்பச் சொல்லி, எரிபவற்றை மாணவரே வாய்விட்டுச் சொல்லட்டும். இத்தனை விளக்கா என்று பயந்துவிடுவார்கள். வண்டி தன்னைத்தானே சோதித்துக்கொள்கிறது என்று அப்போதே சொல்லிவிடுங்கள்.

ஏர்பேக், ஏபிஎஸ் விளக்குகள் சில விநாடிகளில் தானாக அணையும். ஆயில், பேட்டரி விளக்குகள் இன்ஜின் ஓடினால்தான் அணையும். ஆயில் பிரஷர் இன்ஜின் சுற்றினால்தான் வரும், ஆல்டர்னேட்டரும் அப்படித்தான். ஸ்டார்ட் ஆன பிறகும் சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தால் உடனே இன்ஜினை நிறுத்த வேண்டும். ஏர்பேக் விளக்கு சாவி போட்டபோதே எரியவில்லை என்றால் அதுவும் பழுதுதான். பலரும் இதைச் சொல்லித்தருவதில்லை.

அப்புறம் பிரேக் விளக்கு. பிரேக் பெடலை மிதித்தபடி ஹேண்ட்பிரேக்கை இறக்கச் சொல்லுங்கள். விளக்கு அணைய வேண்டும். அணையாவிட்டால் முதலில் லீவர் முழுதாக இறங்கியதா என்று பாருங்கள். இறங்கியிருந்தால் பானெட்டைத் திறந்து பிரேக் ஆயில் அளவைக் காட்டுங்கள். பல கார்களில் இரண்டுக்கும் ஒரே விளக்குதான். ஆயில் MIN கோட்டுக்குக் கீழே இருந்தால் அன்று அந்த வண்டியை எடுக்க வேண்டாம்.