கண்ணகி நம் கரையில் தோணி ஏறினாளா?

கேள்வி: மதுரையை எரித்த கண்ணகி வைகைக் கரையோடு கிழக்கே நடந்து ஆற்றங்கரை ஊருக்கு வந்து, அங்கிருந்து தோணியில் இலங்கைக்குப் போய்விட்டாள், சேரநாட்டு மலைக்கதை அதை மறைக்க எழுதியது என்கிறார்கள். ‘வையை ஒருகரை கொண்டு’ என்று சிலப்பதிகாரத்திலேயே இருக்கிறதாமே? கயவாகு மன்னன் கோயில் எடுத்ததும் அதனால்தானா?
— வாசகி, தேவிபட்டினம்

பதில்: அந்த அடி இருக்கிறது. மதுரைக் காண்டத்தின் கடைசிப் பகுதியான கட்டுரை காதையில், ‘உரவுநீர் வையை ஒருகரைக் கொண்டாங்கு’ என்று வருகிறது. இந்த ஓர் அடியை மட்டும் தனியே எடுத்து வைத்தால் அவள் எந்தத் திசையில் நடந்தாள் என்று சொல்ல முடியாது. கரையைப் பிடித்துக்கொண்டு மேலேயும் போகலாம், கீழேயும் போகலாம். தோணிக் கதை முழுவதும் நிற்பது இந்த இடைவெளியில்தான். அதனால் அந்த அடிக்கு முன்னும் பின்னும் என்ன இருக்கிறது என்று பார்த்தாக வேண்டும். உங்களுக்கு இதைச் சொன்னவர்கள் அந்த வேலையைச் செய்யவில்லை.

முன்னால் இருப்பது கண்ணகியின் சொந்த வாக்கு: ‘கீழ்த்திசை வாயில் கணவனொடு புகுந்தேன், மேற்றிசை வாயில் வறியேன் பெயர்கு.’ கிழக்கு வாசலில் கணவனோடு நுழைந்தவள் மேற்கு வாசலில் ஒன்றுமில்லாதவளாக வெளியேறுகிறாள். நம் கடற்கரைக்கு வருகிறவளுக்கு மேற்கு வாசலில் என்ன வேலை? அதுவும் போகிற போக்கில் விழுந்த சொல் அல்ல. வந்த வாசலையும் போகிற வாசலையும் எதிரெதிரே நிறுத்தி, அந்த எதிரெதிரில்தான் கவிஞர் அவள் இழப்பைச் சொல்கிறார். வைகைக்கரை அடி அதற்குப் பிறகு வருகிறது. மேற்கு வாசலில் வெளியேறியவள் பிடித்த கரை மேற்கே போகும் கரை.

பின்னால் வருவது இன்னும் தெளிவு. பள்ளம் என்று பாராமல் இறங்கி, மேடு என்று பாராமல் ஏறி, ‘நெடுவேள் குன்றம் அடிவைத்து ஏறி’, பூத்த வேங்கையின் கீழ் நிற்கிறாள். மதுரையிலிருந்து ஆற்றங்கரை வரை நடந்து பாருங்கள். பரமக்குடி தாண்டினால் கண்மாயும் பனையும் உடைமரமும் உப்பளமும்தான். ‘குன்றம்’ வேண்டுமே என்று சிலர் இராமேசுவரத்துக் கந்தமாதன பர்வதத்தைக் காட்டுகிறார்கள். அது ஒரு மணல்மேடு. வேங்கை மலைக்காட்டு மரம், நம் கடற்கரை மணலில் வளர்வதல்ல. தமிழ்க் கவிதை மரபிலும் அது குறிஞ்சிக்கு உரியது. கடற்கரையைப் பாட வேண்டுமென்றால் இந்தக் கவிஞருக்குப் புன்னையும் தாழையும் நெய்தலும் கையில் இருக்கின்றன. கானல்வரியில் அவற்றைத்தான் வைத்துப் பாடினார். கண்ணகியின் முடிவுக்கு அவற்றில் ஒன்றையும் தொடவில்லை.

அவளைப் பார்த்தவர்கள் யார் என்பதும் நூலில் இருக்கிறது. மலைக்குறவர்கள். ‘நீ யார்’ என்று கேட்டவர்களிடம், மதுரையும் அரசும் கெட்ட வேளையில் கணவனை இழந்து வந்த தீவினையாட்டி என்று அவளே சொல்கிறாள். பிறகு அந்தக் குறவர்கள் பேரியாற்றங்கரையில் சேரன் செங்குட்டுவனைக் கண்டு, ‘வானவர் போற்ற வானகம் பெற்றனள்’ என்று அறிவிக்கிறார்கள். நேரில் கண்டவர் சாட்சி இது. தோணிக் கதைக்கு ஒரு பரதவரின் சாட்சி வேண்டும். நூல் முழுவதும் தேடினாலும் அப்படி ஒருவர் இல்லை.

இங்கே வழக்கமாக ஒரு பதில் வரும்: ‘அந்தப் பதினான்கு நாட்கள் என்ன நடந்தது என்று நூல் சொல்லவில்லையே?’ உண்மைதான். ‘எழுநாள் இரட்டி’ கழிந்ததும் வான ஊர்தி ஏறினாள் என்பதோடு அது நின்றுவிடுகிறது. வழியில் எங்கே தங்கினாள், என்ன உண்டாள் என்று ஒரு சொல்லும் இல்லை. ஆனால் ஒரு நூல் பேசாத இடத்தை நிரப்பும்போது, அதன் இரு பக்கமும் அது பேசிய இடங்கள் இடிபடக் கூடாது. ஒரு பக்கம் மேற்கு வாசல், மறுபக்கம் குறவர் மலை. நடுவில் கடற்கரைக்கு வந்தாள் என்றால் திரும்பவும் மேற்கே மலைக்கு ஏறியாக வேண்டும். அப்போது இலங்கைப் பயணம் இல்லாமல் போகிறது. அந்தப் பதினான்கு நாளில் அவள் உண்ணாமல் உடல் தளர்ந்து வேங்கையடியில் இறந்தாள், கண்டவர்கள் அதை விண்ணேற்றமாகச் சொன்னார்கள் என்று ஒருவர் வாதிட்டால், அதையும் நூல் சொல்லவில்லை என்பேன். ஆனாலும் அது நூலோடு மோதவில்லை, அதனால் பேசத் தக்கது. தோணி மோதுகிறது.

மலைக்கதை பிற்சேர்க்கை என்ற வாதத்துக்கு வருகிறேன். வஞ்சிக் காண்டம் பிறகு சேர்ந்தது என்று ஐயப்பட்ட ஆய்வாளர்கள் உண்டு. ஆனால் மேற்கு வாசலும் நெடுவேள் குன்றமும் வேங்கையும் வான ஊர்தியும் மதுரைக் காண்டத்திலேயே இருக்கின்றன. வஞ்சிக் காண்டத்தைத் தூக்கி எறிந்தாலும் அவை போகா. போவது கயவாகு. ‘கடல்சூழ் இலங்கைக் கயவாகு வேந்தன்’ வருவது வஞ்சிக் காண்டத்தின் வரந்தரு காதையில். மற்றோர் இடம் உரைபெறு கட்டுரை என்ற உரைநடைப் பகுதி, அதன் மேலும் அதே ஐயம் உண்டு. மலையைத் தள்ளவும் கயவாகுவை வைத்துக்கொள்ளவும் ஒரே நேரத்தில் முடியாது.

கயவாகு வரும் இடங்களையே படித்தாலும் தோணிக்கு எதிராகத்தான் இருக்கின்றன. வரந்தரு காதையில் அவன் செங்குட்டுவன் எடுத்த கோயிலில் நிற்கிறான். எங்கள் நாட்டு வேள்விக்கும் வந்தருள வேண்டும் என்று மற்ற மன்னர்களோடு சேர்ந்து வணங்கிக் கேட்கிறான். ‘தந்தேன் வரம்’ என்று ஒரு குரல் எழுகிறது. முன்பே இலங்கையில் வந்து இறங்கிய பெண்ணை எதற்காக வரச் சொல்லிக் கேட்க வேண்டும்? உரைபெறு கட்டுரையும் ‘அது கேட்டு’ அவன் பலிபீடம் அமைத்து ஆடித் திங்களில் விழா எடுத்தான் என்கிறது. கேள்விப்பட்டுச் செய்தான். அந்த ஆடி மாதத்தை அவள் இலங்கையில் இறங்கிய மாதமாகக் கொள்கிறார்கள். நூலில் ஆடி என்பது மதுரை எரிந்த மாதம், தேய்பிறை அட்டமி, வெள்ளிக்கிழமை.

முல்லைத்தீவு வற்றாப்பளையில் கண்ணகி வந்து தங்கினாள் என்று அங்குள்ள மக்கள் சொல்கிறார்கள், பொங்கல் வைக்கிறார்கள். அது அந்தக் கோயிலின் வரலாறு. வழிபாட்டின் உரிமையில் நிற்பது, அதை நான் தொடவில்லை. இளங்கோவின் நூலுக்குள் அதைச் சான்றாகக் கொண்டு வரும்போதுதான் தவறாகிறது. கண்ணகி தெய்வமாகக் கடல் கடந்தாள் என்பதற்கு நூலில் இடம் உண்டு, வரந்தரு காதை அதற்குத்தான் கதவைத் திறந்து வைத்திருக்கிறது. நடந்து வந்து, நம் கரையில் கால் நனைத்துத் தோணி ஏறினாள் என்பதற்கு இடமில்லை.

நூல் உண்மையிலேயே முடிவு சொல்லாமல் விட்டது வேறொன்று: நெடுவேள் குன்றம் எது? தேனி மாவட்டத்தில் கூடலூருக்கு மேலே, கேரள எல்லையில் உள்ள மங்கலதேவிக் கோட்டம் என்பது பலர் ஏற்ற கருத்து. வைகையின் மேற்போக்கோடும் குறவரோடும் பேரியாற்றோடும் அது பொருந்துகிறது. ஆனால் நூல் மலையின் பெயரை முருகனோடு சேர்த்துச் சொன்னதே தவிர ஊரைச் சொல்லவில்லை. உங்கள் நண்பர்கள் வாதாட வேண்டுமென்றால் அங்கே வாதாடட்டும். அதற்கு முன் கட்டுரை காதையின் கடைசி அடிகள், குன்றக் குரவையின் தொடக்கம், காட்சிக் காதை, வரந்தரு காதை என்ற இந்த வரிசையில் நான்கையும் ஒரே அமர்வில் படித்துவிட்டு வரச் சொல்லுங்கள்.