ஒன்பது வயதுக் கார்: பிராண்டா, எஞ்சினா?

கேள்வி: ஒன்பது வருடப் பழைய கார் வாங்கப் போகிறேன். பிராண்டை நம்பி வாங்கலாமா?

பிராண்டைவிட எஞ்சின், கியர்பாக்ஸ் ஜோடியைப் பாருங்கள். ஒரே நிறுவனத்தின் ஒரு எஞ்சின் பல வருடம் உழைக்கும், இன்னொன்று பாதியிலேயே படுத்துவிடும்.

இந்த வயதில் நான் முதலில் கேட்பது, எஞ்சினில் வால்வுகளைப் பிஸ்டனோடு நேரம் தவறாமல் இயக்குவது டைமிங் பெல்ட்டா, செயினா என்பதுதான். பெல்ட் ரப்பர். அதற்குக் கிலோமீட்டர் கெடுவோடு வருடக் கெடுவும் உண்டு, எது முதலில் வருகிறதோ அதுவே கணக்கு. 50,000 கிலோமீட்டர்தான் ஓடியது என்று விற்பவர் சொன்னாலும், மாற்றிய பில் இல்லையென்றால் பெல்ட்டுக்கும் ஒன்பது வயது என்றே கொள்ளுங்கள். ஓட்டத்தில் அறுந்தால், பெரும்பாலான இன்றைய எஞ்சின்களில் பிஸ்டன் வால்வில் மோதி, வால்வுகள் வளைந்துவிடும். ஆகவே பெல்ட், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், அந்தப் பெல்ட்டால் ஓடுவதென்றால் வாட்டர் பம்ப்பும் சேர்த்து மாற்றும் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள்.

செயின் என்றால், இரவு முழுக்க நின்ற வண்டியை நீங்களே ஸ்டார்ட் செய்யுங்கள். சில விநாடி கடகடவென்று சத்தம் வந்தால் செயின் நீண்டிருக்கலாம், டென்ஷனர் தேய்ந்திருக்கலாம். விற்பவர் முன்கூட்டியே எஞ்சினைச் சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் போங்கள்.

முன்பணம் கொடுக்குமுன், சேஸிஸ் எண்ணோடு உதிரிபாகக் கடைக்குப் போய் டைமிங் கிட், முன்சக்கர லோயர் ஆர்ம், ஹெட்லைட் மூன்றையும் விசாரியுங்கள். மூன்றுக்கும் “ஆர்டர் போட்டால்தான் வரும்” என்றால், எவ்வளவு நல்ல பெயருள்ள பிராண்டானாலும் நான் அந்தக் காரை வாங்க மாட்டேன். உற்பத்தி நின்றுபோன மாடல்களில் எஞ்சின் பாகத்தைவிட விளக்கும் பம்பரும் கிடைப்பதுதான் பல நேரம் கஷ்டம், ஏனென்றால் எஞ்சினை மற்ற மாடல்களோடு பகிர்ந்திருப்பார்கள்.