கேம் நடுவில் DXGI_ERROR_DEVICE_HUNG என்று வந்து மூடிக்கொள்வது ஏன்?

"அன்ரியல் எஞ்சின் 5 கேம் இருபது நிமிடத்தில் இந்தப் பிழையோடு மூடுகிறது. பழைய கேம்கள் நன்றாக ஓடுகின்றன. கார்டு பழுதா?"

பெரும்பாலும் பழுதில்லை. கிராபிக்ஸ் கார்டு ஒரு வேலையை 2 விநாடிக்குள் முடிக்காமலும் விட்டுக்கொடுக்காமலும் இருந்தால், விண்டோஸ் அதை முடங்கியதாகக் கருதி டிரைவரை மீட்டமைக்கிறது. கேம் பிடித்திருந்த இணைப்பு அப்போது அறுந்துபோகிறது. DEVICE_REMOVED என்று வந்தாலும் யாரும் கார்டைக் கழற்றிவிடவில்லை. அதுவும் இந்த அறுபடலைத்தான் சொல்கிறது.

பழைய கேம்கள் தப்பிப்பதற்குக் காரணம், அவை கார்டின் எல்லாப் பகுதிகளையும் ஒரே நேரத்தில் இப்படி வாட்டுவதில்லை என்பதே. தொழிற்சாலையிலேயே வேகம் கூட்டி விற்கப்படும் கார்டுகள் இங்கேதான் தடுமாறுகின்றன. என் நண்பரின் கார்டும் அப்படிப்பட்டதுதான். கார்டின் வேகத்தை மாற்ற உதவும் எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் மென்பொருளில் Core Clock மதிப்பை -100 MHz ஆக்கினோம்; மூன்று மணி நேரம் ஓடியும் பிழை வரவில்லை. நீங்களும் முதலில் இதையே செய்து பாருங்கள். பிழை நின்றால் காரணம் வேகம்தான்.

நிற்காவிட்டால் டிரைவரை முழுதாக நீக்கிப் புதிதாக நிறுவுங்கள். மின்வழங்கியின் கேபிள் சரியாகப் பொருந்தியிருக்கிறதா என்றும் பாருங்கள். ரெஜிஸ்ட்ரியில் TdrDelay மதிப்பைக் கூட்டச் சொல்வார்கள். அது காத்திருக்கும் நேரத்தை நீட்டுமே தவிர, உண்மையில் முடங்கிய கார்டை எழுப்பாது.