விலையும் ஏறி வேலையும் குறைந்தால் வட்டி இறங்குமா?

"பொருளாதாரம் மந்தமானால் ரிசர்வ் வங்கி வட்டியைக் குறைக்கும் என்கிறார்கள். அதே சமயம் விலைவாசியும் ஏறினால் என்ன செய்யும்? மாறும் வட்டியில் 30 லட்சம் வீட்டுக் கடன் எடுக்கப்போகிறேன், 20 வருடத் தவணை. எப்படியும் வட்டி இறங்கிவிடும் என்று நம்பிப் போகலாமா?"

நம்பிப் போகாதீர்கள். வளர்ச்சி படுத்துவிட்டு விலை மட்டும் ஏறிக்கொண்டே போகும் இந்த நிலைக்குத் தேக்கவீக்கம் என்று பெயர். அதில் வட்டி எந்தப் பக்கம் போகும் என்பது மத்திய வங்கிக்கே முன்கூட்டித் தெரியாது. 1970களில் அமெரிக்கா பட்ட பாட்டைப் பார்த்தால் ஏன் என்று புரியும்.

1973 அக்டோபரில் அரபு நாடுகள் அமெரிக்காவுக்கு எண்ணெய் தருவதை நிறுத்தின. பீப்பாய் 3 டாலர் அளவில் இருந்த கச்சா எண்ணெய் சில மாதங்களில் 12 டாலரைத் தொட்டது. லாரி வாடகை, உரம், பிளாஸ்டிக் என்று எல்லாவற்றின் அடக்கவிலையும் ஏற, கம்பெனிகள் விலையை ஏற்றின, உற்பத்தியைக் குறைத்தன, ஆட்களையும் நிறுத்தின. 1974இல் பணவீக்கம் 11 சதவீதம், 1975 மே மாதம் வேலையின்மை 9 சதவீதம்.

மத்திய வங்கியின் கையில் இருப்பது வட்டி, அதை வைத்து மக்கள் செலவழிப்பதைக் கூட்டலாம், குறைக்கலாம், அவ்வளவுதான். ஒரு பீப்பாய் எண்ணெய்கூட அதனால் கிடைக்காது. வட்டியை ஏற்றினால் விலை அடங்கும், ஆனால் ஏற்கெனவே ஆட்டம் கண்ட வேலைகள் இன்னும் போகும். இறக்கினால் வேலை வரலாம், ஆனால் இருக்கிற கொஞ்சச் சரக்கைத் துரத்தும் பணம் கூடிப்போய் விலை இன்னும் ஏறும். சரி, எண்ணெய் விலை ஒருமுறை ஏறியது, அது தானாக அடங்கட்டும் என்று சும்மா இருக்கலாமே? அங்கேதான் சிக்கல். அன்று பெரிய தொழிற்சங்க ஒப்பந்தங்கள் பலவற்றில் விலைவாசி ஏறினால் சம்பளமும் கூட ஏறவேண்டும் என்ற ஷரத்து இருந்தது. சம்பளம் ஏறியதைக் காட்டிக் கம்பெனி விலையை ஏற்றும், விலையைக் காட்டிச் சம்பளம் ஏறும். அடுத்த வருடமும் விலை ஏறத்தான் போகிறது என்று எல்லோரும் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டால், முதலில் கிளப்பிவிட்ட எண்ணெயை எல்லோரும் மறந்தபிறகும் பணவீக்கம் ஓடிக்கொண்டிருக்கும்.

அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வின் அன்றைய தலைவர் ஆர்தர் பர்ன்ஸ் இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்தார். 1974 ஜூலையில் வட்டி 13 சதவீதத்தை நெருங்கியது. வேலையின்மை எகிறியதும் பயந்துபோய் இறக்க, 1976 தொடக்கத்தில் 5 சதவீதத்துக்கும் கீழே வந்தது. பணவீக்கம் 6 சதவீதத்துக்குச் சற்றுக் கீழே போய் அங்கேயே நின்று, மறுபடி மேலே கிளம்பியது. பாதி மருந்தோடு நிறுத்தியதுதான் பெரிய தப்பு என்பது என் கருத்து. 1979இல் ஈரான் புரட்சியால் எண்ணெய் விலை இன்னொரு முறை எகிறியபோது, ஏறிய விலையையே வழக்கமாக எடுத்துக்கொண்ட ஒரு நாட்டின்மேல் அந்த அடி விழுந்தது.

அந்த ஆண்டு தலைவராக வந்த பால் வோல்க்கரும் முதலில் தடுமாறினார். 1980 ஏப்ரலில் 17 சதவீதத்தைத் தாண்டிய வட்டி, மந்தநிலை வந்ததும் ஜூலைக்குள் 9க்கு இறங்கியது. இனி இறங்குமுகம்தான் என்று அப்போது கடன் எடுத்தவரை நினைத்துப் பாருங்கள்: 1981 நடுவில் அதே வட்டி 19 சதவீதம்! வீடு விற்காமல் தவித்த கட்டடக்காரர்கள் ஃபெடரல் ரிசர்வுக்கு மரத்துண்டுகளைத் தபாலில் அனுப்பி எதிர்ப்புக் காட்டினார்கள், விவசாயிகள் டிராக்டரோடு வாஷிங்டனுக்கு வந்தார்கள். 1982 இறுதியில் வேலையின்மை 10.8 சதவீதம். அதற்குப் பிறகுதான், 1983இல், பணவீக்கம் 3 சதவீத அளவுக்கு வந்தது.

அப்புறம் உங்கள் கணக்கு. 8.5 சதவீத வட்டியில் மாதத் தவணை சுமார் 26,000 ரூபாய். வட்டி 10.5 ஆனால் 30,000 வரும். தவணையை ஏற்றாமல் காலத்தை நீட்டிக்கச் சொல்லலாமே என்று நினைக்காதீர்கள். 30 லட்சத்துக்கு 10.5 சதவீதம் என்றால் முதல் மாத வட்டி மட்டுமே 26,250 ரூபாய், அதாவது பழைய தவணை வட்டிக்கே போதாது, அசல் ஏற ஆரம்பிக்கும். ஆகவே 30,000 கட்ட முடியுமா என்று பார்த்து முடிவெடுங்கள். வேலை ஆட்டம் காணும் காலத்தில்தான் இந்த ஏற்றமும் வரக்கூடும் என்பதால், ஆறு மாதத் தவணையாவது கையில் தனியாக இருக்கட்டும்.

தக்காளி விலை ஏறியதைப் பார்த்துக் கலங்கவேண்டாம், அது இறங்கிவிடும். உணவும் எரிபொருளும் நீக்கிய பணவீக்கம் என்று ஒரு கணக்கைச் சொல்வார்கள், அதைக் கவனியுங்கள். வளர்ச்சி குறையும்போதும் அது மாதக்கணக்கில் ஏறிக்கொண்டே போனால், வட்டி இறங்கும் என்ற கணக்கைக் கைவிட்டுவிடுங்கள்.