பங்குடைமை நிறுவனத்தின் இலாபப் பங்குக்குத் தம்பி மீண்டும் வரி கட்ட வேண்டுமா?

“தம்பி திருச்சியில் ஒரு புடவைக்கடையில் பங்காளர். 2024-25 நிதியாண்டில் மூலதனக் கணக்கில் 9,30,000 இந்திய ரூபா வரவு. படிவத்தை யாழ்ப்பாணத்திலிருந்து நான்தான் நிரப்புகிறேன். முழுவதும் வருமானமா?”

இல்லை அண்ணா, அந்தத் தொகையை முதலில் மூன்றாகப் பிரிக்க வேண்டும். சம்பளம் 4,80,000, மூலதனத்துக்கான வட்டி 1,50,000, இலாபப் பங்கு 3,00,000 என்று கணக்கில் இருப்பதாக வைத்துக்கொள்வோம்.

இலாபப் பங்குக்கு நிறுவனமே வரி செலுத்திவிடுவதால், இந்தியாவின் 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 10(2A) பிரிவு அதைத் தம்பியின் கையில் முழுமையாக விலக்குகிறது. இலங்கையில் பங்காளர் தமது பங்குக்கும் வரி செலுத்துவதால், இங்கிருந்து பார்ப்பவர்களுக்கு இந்தக் குழப்பம் இயல்பாகவே வருகிறது.

சம்பளமும் வட்டியும் அவ்வாறல்ல. ஒப்பந்தப் பத்திரம் அனுமதித்து, 40(b) பிரிவின் எல்லைக்குள் இருக்கும் அளவுக்கு நிறுவனம் அவற்றைச் செலவாகக் கழித்துக்கொள்கிறது; ஆகவே அவை தம்பிக்கு வியாபார வருமானமாகின்றன. சம்பளம் என்ற தலைப்பில் காட்டினால், உரிமையில்லாத நிலையான கழிவும் சேர்ந்துவிடும்.

பலர் தவறுவது வட்டியில்தான். மூலதனம் 10,00,000 என்றால், 15 வீதத்தில் 1,50,000 கொடுத்தாலும், கழிக்கத்தக்கது 12 வீதமான 1,20,000 மட்டுமே. மிகுதி 30,000க்கு நிறுவனம் வரி கட்டியிருக்கும். அதைத் தம்பியின் வருமானத்திலும் சேர்த்தால் ஒரே பணத்துக்கு இருமுறை வரி.

சம்பளம் முழுவதும் எல்லைக்குள் இருந்தால், ITR-3 படிவத்தில் வரிக்குரியது 6,00,000. இலாபப் பங்கான 3,00,000 விலக்குப் பெற்ற வருமானத்துக்கான அட்டவணையில் வரும். மூலதனக் கணக்கை மட்டும் நம்பாமல், நிறுவனத்தின் வருமானக் கணிப்புத் தாளை வாங்கி, 40(b) இன்கீழ் எவ்வளவு மறுக்கப்பட்டது என்பதை ஒப்பிட்டுப் பாருங்கள்.